திருத்தி வந்த அசைன்மென்ட்டை ரூப்ரிக்கோடு சேர்த்துப் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் மாலை வேளைகளில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் என்னோடு உட்கார்ந்து படிப்பார்கள். காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். இன்டர்னல் அசைன்மென்ட் திருத்திக் கைக்கு வருகிற வாரத்தில் அவர்கள் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எல்லாப் பதிலுக்கும் ஒரே அசைன்மென்ட்டை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இளங்கலை வரலாறு, இரண்டாம் ஆண்டு. தலைப்பு: "1806 வேலூர்ப் புரட்சிக்கான காரணங்களை ஆராய்க." ஐந்து பக்கத்துக்குள் எழுத வேண்டும். எழுதியவர் ஆற்காட்டிலிருந்து வரும் ஒரு மாணவி. 20-க்கு 11 வாங்கினார்.

"பேப்பர் கூடவே கட்டம் போட்ட ஒரு ஷீட்டை பின் பண்ணி குடுத்திருக்காங்க. அதுல என்ன பாக்கணும்?"

அதுதான் ரூப்ரிக். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக இருப்பவை, உங்கள் கட்டுரையில் எதையெதையெல்லாம் பார்த்து மார்க் போட்டார்கள் என்பதைச் சொல்லும் வரிசைகள். குறுக்கே இருப்பவை நிலைகள்: மிகச் சிறப்பு, நன்று, ஓரளவு, போதாது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அந்த நிலையில் உள்ள கட்டுரை எப்படி இருக்கும் என்று ஒன்றிரண்டு வரி எழுதியிருக்கும். ஆசிரியர் டிக் அடித்த கட்டத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். கட்டத்துக்குள் எழுதியிருக்கும் வரிகளைப் படிப்பவர்கள் குறைவு. விஷயமெல்லாம் அந்த வரிகளில்தான் இருக்கிறது.

நம் உதாரணத்தில் ஐந்து வரிசைகள். மையக் கருத்துக்கு 4 மார்க், சான்றுக்கு 4, பகுப்பாய்வுக்கு 6, கட்டமைப்புக்கு 3, மொழிக்கும் அடிக்குறிப்புக்கும் சேர்த்து 3. அந்த மாணவிக்கு வரிசைப்படி கிடைத்தது 2, 3, 2, 2, 2. போனது ஒன்பது மார்க், அதில் நான்கு பகுப்பாய்வில் மட்டும் போயிருக்கிறது. இந்தக் கணக்கு தெரியாமல் கமென்ட்டுகளைப் படித்தால், எல்லாக் கமென்ட்டும் ஒரே கனம் உள்ளதாகத் தோன்றும்.

"முதல்ல எதைப் பாக்கணும்? மார்க்கையா, கமென்ட்டையா?"

கமென்ட்டை. மொத்த மார்க்கைப் பார்த்துவிட்டால் மனசு அங்கேயே நின்றுவிடுகிறது. 1988-இல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேலில் பள்ளி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று இதற்காகவே அடிக்கடி சொல்லப்படுவது. கமென்ட் மட்டும் வாங்கியவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். கமென்ட்டோடு மார்க்கும் சேர்த்து வாங்கியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மார்க் இருக்கிற இடத்தை ஒரு தாளால் மூடிவிடுங்கள். வேறொரு வெள்ளைத்தாளில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று நிரலாகப் பிரியுங்கள். முதலாவதில், கட்டுரையின் எந்தப் பத்தியில் கமென்ட் வந்திருக்கிறது என்று எண். இரண்டாவதில், கமென்ட்டை அப்படியே, ஒரு வார்த்தை மாற்றாமல். மூன்றாவதைக் காலியாக விடுங்கள். எல்லாக் கமென்ட்டையும் எழுதி முடித்த பிறகு ரூப்ரிக்கைத் திறந்து, ஒவ்வொரு கமென்ட்டும் எந்த வரிசையைச் சேர்ந்தது என்று மூன்றாவதில் எழுதுங்கள். ஐந்து பக்க அசைன்மென்ட்டுக்கு அரை மணி நேரம் கூட ஆகாது.

அப்புறம் மார்க்கைத் திறந்து பாருங்கள். இப்போது அந்த எண் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரிய ஆரம்பித்திருக்கும்.

"'அதனால் என்ன?'ன்னு ஓரத்துல எழுதியிருக்காங்க. மேடம் திட்றாங்களா?"

இல்லை. இது ஒரு நிஜமான கேள்வி, அதற்குப் பதிலை அந்தப் பத்தியிலேயே எதிர்பார்க்கிறார்கள். முதலில், கமென்ட் எந்த வாக்கியத்தின் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அந்த மாணவி எழுதியிருந்தது இது: "1805 நவம்பரில் புதிய உடை விதி அறிவிக்கப்பட்டது. வீரர்கள் நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது, புது வகைத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று அது கூறியது. இதனால் வீரர்கள் கோபமடைந்தனர்." எல்லாமே சரியான தகவல். ஆனால் கோபம் எப்படிக் கலகமாக மாறியது என்பது இதில் இல்லை. இப்போது ரூப்ரிக்கில் பகுப்பாய்வு வரிசையைப் பாருங்கள். "ஓரளவு" என்ற கட்டத்தில், "காரணங்கள் பட்டியலிடப்பட்டுள்ளன, ஒன்றிரண்டு மட்டும் விளக்கப்பட்டுள்ளன" என்று இருக்கிறது. அதற்கு மேலே உள்ள "நன்று" கட்டத்தில், "பெரும்பாலான காரணங்கள் விளைவை எப்படி உண்டாக்கின என்று விளக்கப்பட்டுள்ளது." இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் "எப்படி" என்ற ஒரே சொல்லில் இருக்கிறது. மேடம் கேட்ட "அதனால் என்ன?" என்பதும் அதே "எப்படி"தான்.

நானும் அந்தப் பெண்ணும் உட்கார்ந்து அந்தப் பத்தியைத் திரும்ப எழுதிப் பார்த்தோம். கடைசி வாக்கியத்துக்குப் பதிலாக இப்படி வந்தது: "நெற்றிக் குறிக்கு வந்த தடை இந்து வீரர்களைத் தொட்டது, தாடிக்கு வந்த தடை முஸ்லிம் வீரர்களைத் தொட்டது. தோலாலான சின்னம் பதித்த புதிய தலைப்பாகை ஐரோப்பியர் தொப்பியைப் போல் இருந்ததால், தங்களை மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்ற அச்சம் இரு சாராருக்கும் பொதுவாயிற்று. எதிர்த்தவர்களுக்குச் சவுக்கடி கிடைத்தபோது, முறையிட்டுத் தீர்த்துக்கொள்ளும் வழியும் அடைபட்டது." தகவல் அதிகம் கூடவில்லை. ஏற்கெனவே கையில் இருந்த தகவல் ஒவ்வொன்றும் அடுத்ததை எங்கே தள்ளியது என்பது மட்டும் சேர்ந்திருக்கிறது.

ரூப்ரிக்கைப் படிப்பதில் நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான். உங்களுக்கு டிக் விழுந்த கட்டத்தையும் அதற்கு அடுத்த மேல் கட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தச் சொல் மாறியிருக்கிறது என்று பென்சிலால் அடிக்கோடு போடுங்கள். கமென்ட் பெரும்பாலும் அந்தச் சொல்லைத்தான் வேறு வார்த்தைகளில் சொல்லிக்கொண்டிருக்கும். மேலே முதல் கட்டத்துக்கு ஒரேயடியாகத் தாவிப் படிக்க வேண்டாம். அங்கே எழுதியிருப்பது இன்னும் இரண்டு படி தள்ளி இருக்கிறது, இப்போது குழப்பத்தான் செய்யும்.

"'ஆதாரம்?'னு ரெண்டு எடத்துல போட்டிருக்காங்க. நான் புக் பேரெல்லாம் கடைசில எழுதியிருக்கேனே?"

ஒரே சொல்லாக இருந்தாலும் இரண்டு இடத்திலும் இரண்டு வெவ்வேறு விஷயம். எதற்கு அடியில் கோடு இழுத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் பிரிந்துவிடும்.

முதல் இடத்தில் கோடு விழுந்த வாக்கியம்: "கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்களில் சுமார் 200 பேர் கொல்லப்பட்டனர் அல்லது காயமடைந்தனர்." இது ஒரு எண். ஏதோ ஒரு நூலின் ஏதோ ஒரு பக்கத்திலிருந்து வந்தது. எந்த நூல், எந்தப் பக்கம் என்று அந்த இடத்திலேயே அடிக்குறிப்பு வேண்டும். கடைசியில் புத்தகப் பட்டியல் போட்டால் போதாது, ஏனென்றால் ஆறு புத்தகத்தில் எதிலிருந்து இந்த எண் வந்தது என்று படிப்பவருக்குத் தெரியாது. ஆகவே இந்த "ஆதாரம்?" ஐந்தாவது வரிசைக்கு, அதாவது மொழியும் அடிக்குறிப்பும் என்ற வரிசைக்குப் போகிறது.

இரண்டாவது இடத்தில்: "திப்புவின் மகன்களே இந்தப் புரட்சியைத் திட்டமிட்டனர்." 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்த பிறகு திப்புவின் குடும்பத்தை வேலூர்க் கோட்டையில் வைத்திருந்தார்கள், அது உறுதி. புரட்சியாளர்கள் கோட்டையில் திப்புவின் கொடியை ஏற்றினார்கள், அதுவும் உறுதி. ஆனால் திட்டம் போட்டதே மகன்கள்தானா, எவ்வளவு தூரம் அவர்கள் கை இருந்தது என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒன்றுபடவில்லை. இங்கே பக்க எண் மட்டும் போட்டுவிட்டால் கமென்ட்டுக்குப் பதில் சொன்னதாகாது. அந்தக் கூற்றைத் தாங்குகிற சான்று என்ன, எதிராக என்ன சொல்கிறார்கள் என்று எழுத வேண்டும், இல்லாவிட்டால் "தொடர்பு இருந்ததாகக் கருதப்படுகிறது" என்று கூற்றின் பலத்தைக் குறைக்க வேண்டும். இது இரண்டாவது வரிசை, சான்று. அந்த வரிசையில் அவருக்கு 3 கிடைத்ததற்கும் 4 கிடைக்காததற்கும் இந்த ஒரு வாக்கியமே காரணமாக இருக்கலாம்.

"சிவப்பு மையே எழுத்துப்பிழைக்குத்தான் அதிகமா இருக்கு. அதுக்கா அவ்ளோ மார்க் போச்சு?"

இல்லை. எழுத்துப்பிழை, சந்திப்பிழை எல்லாம் ஐந்தாவது வரிசையில் அடங்கும். அதற்கு மொத்தமே 3 மார்க், அதில் போனது ஒன்று. அந்த ஒன்றும் அடிக்குறிப்போடு சேர்ந்துதான் போயிருக்கிறது. பிழையை வட்டமிட ஒரு நொடி போதும், அதனால் ஆசிரியர்கள் படித்துக்கொண்டே வட்டமிட்டுப் போவார்கள். "உங்கள் வாதம் எங்கே?" என்பதை ஒரு தடவைதான் எழுத முடியும், அதையும் முதல் பக்க ஓரத்தில் சின்னதாக எழுதியிருப்பார்கள். மையின் அளவை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துதான் போவோம்.

"கில்லெஸ்பி ஆற்காட்டுலேர்ந்து குதிரைப்படையோட வர்றதை ரொம்ப நல்லா எழுதியிருந்தேன். அதுக்குப் பக்கத்துல 'இது தேவையா?'ன்னு போட்டுட்டாங்க."

நானும் படித்தேன், நன்றாகவே எழுதியிருந்தார். 1806 ஜூலை 10 விடியற்காலையில் தொடங்குகிறது, செய்தி ஆற்காடு போகிறது, அங்கிருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையோடு வேலூருக்கு விரைகிறார், கோட்டை வாசலுக்கு வந்து சேர்கிறார். ஆற்காட்டுப் பெண்ணுக்குத் தன் ஊர்ப் பெயர் வருகிற இடத்தில் கை நின்றிருக்காது, அது இயல்பு. ஒன்றரைப் பக்கம் போயிருந்தது.

இப்போது தலைப்பைத் திரும்பப் படியுங்கள். கேட்டது காரணங்களை. கில்லெஸ்பி வந்தது புரட்சி அடங்கிய கதை, தொடங்கிய காரணம் அல்ல. "இது தேவையா?" என்பதை முதல் பார்வையில் எல்லோரும் கட்டமைப்பு வரிசையில் போடுகிறார்கள், ஏதோ பத்தி இடம் மாறிவிட்டது போல. ஆனால் மையக் கருத்து வரிசையில் "நன்று" கட்டத்தைப் பாருங்கள்: "கட்டுரை முழுவதும் கேள்விக்கு நேராக நிற்கிறது." அதாவது அந்தப் பத்தியை வேறு இடத்துக்கு நகர்த்தினாலும் இந்தக் கமென்ட் தீராது. எடுத்துவிட வேண்டும், அல்லது ஒரே வாக்கியத்தில் சுருக்க வேண்டும். கமென்ட்டைத் தவறான வரிசையில் போட்டால் தவறான திருத்தம் செய்வோம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

"ஒரு எடத்துல 'விரிவாக எழுதுக', இன்னொரு எடத்துல 'சுருக்குக'. ரெண்டையும் எப்படி செய்யறது?"

எந்தப் பத்திக்கு எது என்று உங்கள் வெள்ளைத்தாளில் பாருங்கள். "விரிவாக எழுதுக" உடை விதிப் பத்திக்கு வந்தது, "சுருக்குக" கில்லெஸ்பி பத்திக்குப் பிறகு வந்த முடிவுரைக்கு வந்தது. இரண்டும் சேர்ந்து ஒரே விஷயத்தைச் சொல்கின்றன: 6 மார்க் வரிசைக்கு வேலை செய்கிற பத்தி எட்டு வரியில் முடிந்துவிட்டது, எந்த வரிசைக்கும் வேலை செய்யாத பகுதி பக்கக் கணக்கில் ஓடுகிறது. ஐந்து பக்கம் என்பது மாறாது. அங்கே எடுத்த இடத்தை இங்கே கொடுங்கள்.

"கடைசில 'நல்ல முயற்சி'ன்னு எழுதிட்டு 11 தான் போட்டிருக்காங்க. நல்லதா கெட்டதா?"

அந்த இறுதிக் கமென்ட்டில் மூன்று வாக்கியம் இருந்தது: "நல்ல முயற்சி. வாசிப்பு தெரிகிறது. விவரிப்பிலிருந்து ஆய்வுக்கு நகர வேண்டும்." மூன்றையும் தனித்தனியாக வெள்ளைத்தாளில் எழுதுங்கள். "நல்ல முயற்சி" எந்த வரிசையிலும் உட்காராது. அது உங்களிடம் மேடம் சொல்லும் வார்த்தை. மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள். "வாசிப்பு தெரிகிறது" என்பது சான்று வரிசை, 4-க்கு 3. இது வெறும் பாராட்டு அல்ல, தகவல். நீங்கள் செய்ததில் எது வேலை செய்தது, எதை அப்படியே தொடர வேண்டும் என்று அது சொல்கிறது. பாராட்டுக் கமென்ட்டையும் வரிசையில் போடச் சொல்வது இதற்காகத்தான். மூன்றாவது வாக்கியம் பகுப்பாய்வு வரிசை. "அதனால் என்ன?" என்ற கேள்விக்கு மேலே சொன்ன பதிலைத்தான் அது முழுக் கட்டுரைக்கும் சொல்கிறது.

பொதுவாகவே ஓரத்தில் உள்ள கமென்ட் ஓரிடத்தைப் பற்றியது, கடைசியில் உள்ளது கட்டுரை முழுவதையும் பற்றியது. இரண்டும் ஒரே வரிசையில் வந்து விழுந்தால், முதலில் கை வைக்க வேண்டிய இடம் அதுதான்.

"கட்டமைப்புல 3-க்கு 2. ஆனா அதைப் பத்தி எங்கயும் ஒரு கமென்ட் கூட இல்லையே?"

இப்படி அடிக்கடி வரும். அறுபது பேப்பர் திருத்துகிறவர் எல்லா வரிசைக்கும் கமென்ட் எழுதுவதில்லை. அப்போது கட்டத்தில் உள்ள வரிகளே கமென்ட். "நன்று" கட்டத்தில் இருந்தது: "பத்திகள் ஒழுங்காக உள்ளன, ஒரு பத்தியிலிருந்து அடுத்ததற்கு இணைப்பு சில இடங்களில் இல்லை."

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் தனியாக எடுத்து வரிசையாக எழுதிப் படியுங்கள். அந்தப் பெண்ணின் பத்திகள் இப்படித் தொடங்கின: "புரட்சிக்கு முக்கியக் காரணம் உடை விதி." "மற்றொரு காரணம் சம்பளக் குறைவு." "மற்றொரு காரணம் திப்புவின் குடும்பம்." இந்த வாக்கியங்களை எந்த வரிசையில் மாற்றிப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. ஒன்றுமே ஆகாது என்பதுதான் குறை. மேடம் அதை எழுதவில்லை, ஆனால் டிக்கில் சொல்லியிருக்கிறார்.

"என் ஃபிரெண்டும் அதே புக்கைப் பாத்துதான் எழுதினா. அவளுக்கு மட்டும் எப்படி 14?"

மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிட்டால் ஒன்றும் கிடைக்காது, வருத்தம்தான் மிஞ்சும். இரண்டு ரூப்ரிக்கையும் பக்கத்தில் வைத்து வரிசைக்கு வரிசை பாருங்கள். தோழிக்கு 3, 3, 4, 2, 2. சான்று, கட்டமைப்பு, மொழி மூன்றிலும் இருவருக்கும் ஒரே மார்க். ஒரே புத்தகம் என்பது சான்று வரிசையில் சமமாகவே வந்திருக்கிறது. வித்தியாசம் மையக் கருத்தில் ஒன்று, பகுப்பாய்வில் இரண்டு.

அந்த இரண்டு வரிசைக்குரிய இடத்தைத் தோழியின் கட்டுரையில் தேடிப் படித்தோம். முதல் பத்தியின் கடைசியில் அவள் எழுதியிருந்தாள்: "உடை விதி சென்னைப் படை முழுவதற்கும் வந்தது. அப்படியிருக்க ஆயுதம் ஏந்திய எழுச்சியாக அது வேலூரில் வெடித்தது ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி." இந்த ஒரு வாக்கியம் மொத்தக் கட்டுரையையும் மாற்றிவிடுகிறது. இதற்குப் பிறகு திப்புவின் குடும்பம் கோட்டைக்குள் இருந்தது என்பது "மற்றொரு காரணம்" அல்ல. எல்லா ஊருக்கும் பொதுவான மனக்குறைக்கு இந்த ஊரில் மட்டும் கிடைத்த ஒரு மையம். காரணங்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பிக்கின்றன.

தோழிக்கும் பகுப்பாய்வில் 6 கிடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். "மிகச் சிறப்பு" கட்டத்தில் "காரணங்களின் ஒப்பீட்டு எடை காட்டப்பட்டுள்ளது" என்று இருக்கிறது. எது இல்லாமலிருந்தால் புரட்சி நடந்திருக்காது என்று அவளும் சொல்லவில்லை.

"மேடம்கிட்ட போய்க் கேக்கலாமா? கோச்சிக்க மாட்டாங்களா?"

கேட்கலாம். எப்படிக் கேட்கிறோம் என்பதில் இருக்கிறது. போவதற்கு முன்னால் ரூப்ரிக்கில் உள்ள மார்க்கை ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். கூட்டல் தவறியிருந்தால் அதை அன்றைக்கே சொல்லிவிட வேண்டும், இன்டர்னல் மார்க் ஏற்றிய பிறகு மாற்றுவது ஆசிரியருக்கும் சிரமம்.

கூட்டல் சரியாக இருந்தால், "ஏன் மேடம் மார்க் குறைஞ்சது?" என்று கேட்காதீர்கள். அதற்கு அவர் ஏற்கெனவே பதில் எழுதிக் கொடுத்திருக்கிறார். திருத்திய ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு போங்கள். "மேடம், பகுப்பாய்வில் 'ஓரளவு'ன்னு குறிச்சிருக்கீங்க. இரண்டாவது பத்தியை இப்படி மாத்தி எழுதினேன். இது 'நன்று' நிலைக்கு வருதா, இன்னும் என்ன வேணும்?" இப்படிக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெளிவான பதில் வரும். நான் அனுப்பிய பிள்ளைகளிடம் யாரும் கோபித்ததாக இதுவரை கேள்விப்படவில்லை.

புரியாத கமென்ட் இருந்தாலும் இதே மாதிரிதான். "இது புரியலை" என்பதைவிட, "'ஆதாரம்?'ன்னு கேட்டது பக்க எண்ணையா, இல்ல இந்தக் கூற்றே சந்தேகமா?" என்று கேளுங்கள்.

"எங்க டிபார்ட்மென்ட்ல ரூப்ரிக்கே குடுக்கறதில்ல. வெறும் மார்க்கும் நாலு கமென்ட்டும்தான்."

அப்படியானால் தலைப்பின் வினைச்சொல்லிலிருந்து தொடங்குங்கள். "விவரி" என்றால் நடந்ததைச் சொன்னால் போதும். "ஆராய்க" என்றால் எப்படி, ஏன் என்பது வேண்டும். "மதிப்பிடுக" என்றால் ஒரு தீர்ப்பு வேண்டும். அப்புறம், வந்த கமென்ட்டுகளை மேலே சொன்ன ஐந்து வரிசைகளில் போட்டுப் பாருங்கள். எதில் கூட்டம் சேர்கிறதோ அதை ஆசிரியர் கவனித்திருக்கிறார் என்று கொள்ளலாம். ஆனால் எந்த வரிசைக்கு எத்தனை மார்க் என்பதை இதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அதை நேரில்தான் கேட்க வேண்டும், அடுத்த அசைன்மென்ட் எழுதுவதற்கு முன்னால்.

"இதைத் திருப்பி எழுத வாய்ப்பே இல்ல. அடுத்த தலைப்பு வேற. அப்புறம் இதெல்லாம் எதுக்கு?"

வெள்ளைத்தாளில் உள்ள கமென்ட்டுகளில் சில இந்தத் தலைப்போடு முடிந்துவிடும், சில உங்களோடு வரும். திப்புவின் மகன்கள் பற்றிய கமென்ட்டின் விவரம் இங்கேயே முடிந்தது. ஆனால் உறுதியில்லாததை உறுதியாக எழுதுகிற பழக்கம் அடுத்த கட்டுரைக்கும் வரும்.

அந்தப் பெண்ணுக்கு அடுத்து வந்த தலைப்பு, 1751 ஆற்காட்டு முற்றுகையின் விளைவுகளை மதிப்பிடுக என்பது. மறுபடியும் ஆற்காடு. தாளில் அவர் தனக்காக எழுதிக்கொண்டது இரண்டே வரி: "முற்றுகையை ஒரு பத்திக்கு மேல் சொல்லக்கூடாது, கேட்டது விளைவு." "ஒவ்வொரு விளைவுக்குப் பிறகும் 'அதனால் என்ன?' என்று நானே கேட்க வேண்டும்." அடிக்குறிப்பு, சந்திப்பிழை பற்றி எழுதவில்லை. வேண்டாம் என்று நானும் சொன்னேன். ஒரு அசைன்மென்ட்டில் இரண்டு பழக்கத்துக்கு மேல் மாற்றப் பார்த்தால் ஒன்றும் மாறாது. மார்க் அதிகம் போன வரிசையிலிருந்து இரண்டு எடுத்தால் போதும். புதிய ரூப்ரிக்கில் வரிசைகளின் மார்க் மாறியிருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

"மேடம் எழுதின கமென்ட்டே தப்புன்னு தோணுது. 200 பேர்னு நான் எழுதினதுக்கு 'எண் தவறு'ன்னு போட்டிருக்காங்க. புக்குல 200-ன்னுதான் இருக்கு."

இது வேறொரு மாணவரின் பேப்பர், ஆனால் அதே தலைப்பு. அவர் எழுதியிருந்தது "200 ஆங்கிலேயர் கொல்லப்பட்டனர்." அவருடைய புத்தகத்தைத் திறந்து பார்த்தால், இறந்தவர்களும் காயமடைந்தவர்களும் சேர்ந்து சுமார் 200 என்று இருந்தது. வேலூர்ப் புரட்சியின் உயிரிழப்புக் கணக்கு நூலுக்கு நூல் மாறுவதற்கு இது ஒரு காரணம். சிலர் இறந்தவர்களை மட்டும் எண்ணுகிறார்கள், சிலர் காயம்பட்டவர்களையும் சேர்க்கிறார்கள். ஆகவே எண் சரி, வாக்கியம் தவறு. கமென்ட்டும் ஒரு விதத்தில் சரிதான்.

ஆசிரியரின் கமென்ட் தவறு என்று தோன்றினால் முதலில் மூல நூலில் அந்த வரியைத் திரும்பப் படியுங்கள், நீங்கள் எழுதிய வாக்கியத்தோடு சொல்லுக்குச் சொல் ஒத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் நீங்கள் எழுதியது சரியென்றால், புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தைக் காட்டுங்கள். கூடவே, அது எந்த வரிசைக்குரிய கமென்ட், அந்த வரிசையில் மார்க் எவ்வளவு குறைந்திருக்கிறது என்றும் பார்த்துக்கொண்டு போங்கள். இந்த மாணவருக்குச் சான்று வரிசையில் 4-க்கு 4 இருந்தது, ஐந்தாவது வரிசையிலும் குறையவில்லை. "எண் தவறு" என்ற கமென்ட்டால் அவருக்கு ஒரு மார்க்கும் போகவில்லை. அவர் போய்ப் பேச வேண்டியது வேறு வரிசையைப் பற்றி, பகுப்பாய்வில் போன இரண்டு மார்க்கைப் பற்றி.